வேலைக்கான மெயில் 430 வார்த்தை ஆகிவிட்டது, எதை வெட்டுவது?

மஞ்சக்குப்பத்துக்காரி

கடலூரில் ஒரு பேக்கிங் கம்பெனி ஸ்டோர்ஸில் ஆறு வருடமாக இருக்கிறேன். புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் தேவை என்று தெரிந்து மெயில் எழுதினேன். எழுதி முடித்தால் 430 வார்த்தை. தம்பி போனில் படித்துவிட்டு, "அக்கா, ஏழு தடவை தள்ள வேண்டியிருக்கு" என்கிறான். இதே மெயிலை முன்பு இரண்டு இடத்துக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. வெட்டலாம் என்று உட்கார்ந்தால் எல்லாமே முக்கியமாகத் தெரிகிறது. அனுப்பப்போவது ஆங்கிலத்தில்தான், இங்கே நடுப்பகுதியைத் தமிழில் போடுகிறேன்:

> பள்ளிக் காலம் முதலே எனக்குக் கணக்கில் ஆர்வம் அதிகம். தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பணியாற்றுவது என் நெடுநாள் கனவு. தற்போது சரக்கு இருப்பைச் சரிபார்க்கும் பணியில் ஈடுபட்டு வருகிறேன். நான் சேர்ந்த புதிதில் மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் பல பொருள்கள் கணினிக் கணக்கோடு ஒத்துப்போகாது, இதனால் கணக்குப் பிரிவோடு அடிக்கடி மனஸ்தாபம் ஏற்படும், பின்னர் ஒவ்வொரு பொருளின் வரவு செலவையும் எழுதி வைக்கும் பின் கார்டு முறையைக் கொண்டுவந்து அனைவரையும் பழக்கியதில் நிலைமை வெகுவாக மேம்பட்டது. லாரி ஏற்றும் நேரமும் என் காலத்தில் மூன்று மணியிலிருந்து ஒன்றேகால் மணியாகக் குறைந்தது. 2024 ஃபெஞ்சல் புயலின்போது வானிலை எச்சரிக்கையைக் கண்டு மேலாளரிடம் பலமுறை எடுத்துரைத்து, வெள்ளிக்கிழமை இரவு வெகுநேரம் வரை இருந்து சரக்கை மேல்தளத்துக்கு மாற்றியதால் பெரும் இழப்பு தவிர்க்கப்பட்டது.

துறைமுகம்

நூறு வார்த்தைக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். "விண்ணப்பிக்கிறேன், ரெஸ்யூம் இணைத்துள்ளேன்" என்று இரண்டு வரி போட்டு அனுப்புங்கள். மிச்சமெல்லாம் ரெஸ்யூமில் இருக்கும்தானே.

பலாச்சுளை

பதில் வரவில்லை என்றால் மெயிலே போய்ச் சேரவில்லையோ? என் மச்சானுக்கு அப்படித்தான் ஆனது. சான்றிதழ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இணைத்தான், 25 எம்பியைத் தாண்டியதும் ஜிமெயில் அதை டிரைவ் லிங்க்காக மாற்றிவிட்டது. எதிரில் இருப்பவருக்குத் திறக்க அனுமதி கொடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

மஞ்சக்குப்பத்துக்காரி

இல்லை அண்ணா, என்னுடையது ஒரே பிடிஎஃப், 200 கேபிதான். நீளம்தான் பிரச்சினை.

சங்கு

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கும் வேலையில் பத்து வருடம் இருந்தேன். துறைமுகம் சொல்லும் அளவு சரி, வழி சரியில்லை. "ரெஸ்யூம் பார்க்கவும்" என்று மட்டும் வரும் மெயில் ஒரு நாளைக்கு அறுபது வரும். எதைத் திறப்பது என்று மெயிலில் உள்ள ஏதோ ஒரு வரிதான் முடிவு செய்யும்.

உங்கள் மெயிலில் அந்த வரி இருக்கிறது. ஆனால் கதையின் வாலில் போய் ஒளிந்திருக்கிறது. மூன்றாவது வாக்கியத்தைப் பாருங்கள்: "பணியில் ஈடுபட்டு வருகிறேன்". இதிலிருந்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரியவில்லை. அடுத்த வாக்கியத்தில் மனஸ்தாபம் வருகிறது, பின் கார்டு வருகிறது, கடைசியில் "வெகுவாக மேம்பட்டது". எவ்வளவு? எத்தனையிலிருந்து எத்தனைக்கு? மெயிலை நீளமாக்கியிருப்பது வார்த்தைகள்தான். இந்தச் சாதனைக்கு எண்ணே இல்லை.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். முன்பு எவ்வளவு இருந்தது, நீங்கள் கையால் செய்தது என்ன, இப்போது எவ்வளவு. மூன்றுக்கும் பதில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குமே இல்லை என்றால் எடுத்துவிடுங்கள். பள்ளிக்கால ஆர்வமும் நெடுநாள் கனவும் அப்படியே போய்விடும், யாரும் தேட மாட்டார்கள்.

மஞ்சக்குப்பத்துக்காரி

மொத்தம் சுமார் 620 வகைப் பொருள். அப்போது மாதம் 70 வகை வரை இடிக்கும். பொருளை எடுத்துக் கொடுக்கிற அந்த நிமிடமே பின் கார்டில் எழுதணும் என்று வைத்தேன், அதற்கு முன் சாயங்காலம் ஞாபகத்திலிருந்து எழுதுவார்கள். ஒரு வருடத்தில் 8-க்கு வந்தது. புயலுக்கு முன் மேலே ஏற்றியது 340 அட்டைக் கட்டு, நாலு ஆட்களை வைத்து. இரண்டு நாள் கழித்து ஆற்றுத் தண்ணீர் குடோனுக்குள் இடுப்பளவு வந்தது. மேலே இருந்தது ஒன்றும் நனையவில்லை. லாரி விஷயம் எண்ணோடுதான் இருக்கிறது, அதை முதலில் போடவா?

சங்கு

அந்த நேரத்தைக் குறைத்தது நீங்களா? என்ன மாற்றினீர்கள்?

மஞ்சக்குப்பத்துக்காரி

அது… அந்த வருடம் முதலாளி ஃபோர்க்லிஃப்ட் வாங்கினார்.

சங்கு

அப்போது எடுத்துவிடுங்கள். நேர்காணலில் "எப்படிக் குறைத்தீர்கள்" என்று கேட்டால் ஃபோர்க்லிஃப்ட் என்று சொல்ல வேண்டிவரும். பிறகு பின் கார்டு எண்ணையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நல்ல எண் இரண்டு இருக்கும்போது மூன்றாவது எதற்கு? "நாலு ஆட்களை வைத்து" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்சார்ஜ் வேலைக்கு ஆள் வைத்து வேலை வாங்குவதுதான் முக்கியம், உங்கள் மூலத்தில் அது இல்லவே இல்லை.

இன்னொன்று. கடலூர் முகவரியைப் பார்த்ததும் இங்கே முதலில் வரும் சந்தேகம் "தினமும் வருவாரா, காலை ஷிப்டுக்கு எப்படி" என்பதுதான். அதற்கு ஒரு வரி கொடுங்கள். பலரை நாங்களே அந்தச் சந்தேகத்தில் கூப்பிடாமல் விட்டிருக்கிறோம், தப்புதான்.

மஞ்சக்குப்பத்துக்காரி

வெட்டிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்.

> பொருள்: ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் பணி – 6 ஆண்டு அனுபவம், 30 நாளில் சேரலாம்
>
> வணக்கம். ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். கடலூரில் பேக்கிங் பொருள் ஸ்டோர்ஸில் 6 ஆண்டாக இருக்கிறேன். சுமார் 620 வகைப் பொருள்கள் என் பொறுப்பு.
>
> மாதக் கடைசி எண்ணிக்கையில் 70 வகை வரை கணக்கோடு சேராமல் இருந்தது. பொருளைக் கொடுக்கும்போதே பின் கார்டில் எழுதும் முறையைக் கொண்டுவந்தேன். ஓராண்டில் அது 8 வகையாகக் குறைந்தது.
>
> 2024 ஃபெஞ்சல் புயலுக்கு முன் 4 ஆட்களை வைத்து 340 அட்டைக் கட்டுகளை மேல்தளத்துக்கு மாற்றினேன். குடோனில் வெள்ளம் வந்தபோது அவற்றில் ஒன்றும் நனையவில்லை.
>
> சொந்த வண்டி இருக்கிறது, காலை ஷிப்டுக்கும் வர முடியும். ரெஸ்யூம் இணைத்துள்ளேன்.

துறைமுகம்

சரி, என் இரண்டு வரியைவிட இது மேல். "30 நாளில்" என்று தலைப்பிலேயே இருப்பது நல்லது, போனில் திறக்காமலே அதுவரை தெரியும். ஆங்கிலத்தில் போடும்போது தலைப்பு நீண்டுவிடாமல் பாருங்கள்.

கணக்குப்புள்ள

நடுவில் வேலைக்கு இடைவெளி ஏதாவது உண்டா? இருந்தால் மெயிலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் மூன்று வருட இடைவெளியை மறைத்து வைத்து, நேர்காணலில் அரை மணி நேரம் அதிலேயே போனது.

மஞ்சக்குப்பத்துக்காரி

பிரசவத்துக்கு 14 மாதம் நின்றேன். அதைக் கழித்துத்தான் ஆறு வருடம்.

சங்கு

ரெஸ்யூமில் தேதி சரியாக இருந்தால் போதும். மெயிலில் நீங்களாகவே எடுத்துச் சொன்னால் அது மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கும்.

கணக்குப்புள்ள

மன்னிப்பு எதற்கு? ஒரு வரி தகவல். தேதியைப் பார்த்து அவர்களே கணக்குப் போட்டு ஏதாவது நினைத்துக்கொள்வதைவிட இது நல்லதில்லையா?

சங்கு

எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் உங்கள் அனுபவத்தை இல்லை என்று சொல்ல முடியாது. மேடம், பிடிஎஃப் பெயர் என்ன வைத்திருக்கிறீர்கள்?

மஞ்சக்குப்பத்துக்காரி

"ரெஸ்யூம் நியூ ஃபைனல் 3". மாற்றிவிடுகிறேன். அந்த 14 மாத வரியை இப்போதைக்குச் சேர்க்கவில்லை, ராத்திரி வீட்டில் ஒரு முறை கேட்டுவிட்டுக் காலையில் அனுப்புகிறேன்.