பழகிய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் எவ்வளவு கேலி சரி?

வணக்கம். நான் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி போட வேண்டும் என்பதால் பில் கேட்டு எல்லோருக்கும் செய்தி அனுப்புவேன். பல வருடப் பழக்கமுள்ள ஹார்டுவேர் கடை அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். போனில் "என்ன அண்ணாச்சி, பில்லெல்லாம் கல்லாவிலேயே தூங்குதா?" என்றால் வாய்விட்டுச் சிரிப்பார். அதையே எழுதி அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. இப்போது அந்த போனைப் பெரும்பாலும் அவர் மகன்தான் பார்க்கிறார். குரல் இல்லாமல் படித்தால் குத்திக்காட்டுவது போலத் தோன்றும். 3பி தாமதமானால் வரி உள்ளவர்களுக்கு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் வேறு ஏறும். அந்த நேரத்தில் கேலி எடுபடாது.

இப்போதைக்கு தேதி, தொகை உள்ள செய்தியில் விளையாட்டு எதுவும் சேர்ப்பதில்லை. பில் வந்த பிறகு, "நன்றி அண்ணாச்சி, இந்த மாசம் நீங்கதான் முதல் ஆள்" என்று தனியாக அனுப்புகிறேன். இது நன்றாகவே எடுபடுகிறது. ஆனால் முதல் செய்தி விறைப்பாக இருப்பதால், "என்ன கோபமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

நினைவூட்டலிலேயே அன்பான ஒரு வரியை எங்கே வைக்கிறீர்கள்? தொடக்கத்திலா, கடைசியிலா? குரல் பதிவு அனுப்பினால் நல்லதா? நீங்கள் அனுப்பும் செய்தி ஒன்றைப் பெயர் நீக்கி அப்படியே போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.