கலைச்சொல்: லீனியாரிட்டிக்கு நேர்விகிதம் சரியா?

செ. எழுதியது:
வணக்கம். மின்னழுத்த-அதிர்வெண் மாற்றி பற்றி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதுகிறேன். தொகையீட்டியின் வெளியீடு சீராக ஏறும். எல்லையைத் தொட்டதும் ஒப்பீட்டி சாவியை மூடி மின்தேக்கியைக் காலியாக்கும். பிறகு மறுபடி ஏற்றம். இதற்கு

```
f = Vin / (R · C · Vth)
```

மின்னழுத்தம் இரட்டித்தால் அதிர்வெண்ணும் இரட்டிக்கும். அதனால் லீனியாரிட்டியை ‘நேர்விகிதம்’ என்றே எழுதிவிட்டேன். சரிதானே?

மு. எழுதியது:
எங்கள் தோட்டத்து மோட்டாரின் வேகத்தைக் குறைக்க வைத்திருக்கும் பெட்டிதானே இது? அதையும் அதிர்வெண் மாற்றி என்றுதான் கடைக்காரர் சொன்னார்.

இரா. எழுதியது:
மு. ஐயா, அது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணையே மாற்றுவது. இது ஒரு மின்னழுத்த அளவைத் துடிப்புகளாக்கித் தருவது. துடிப்பை எண்ணினால் அளவு தெரியும். ஆனால் உங்கள் குழப்பம் நியாயமானது. பெயரில் ‘மின்னழுத்த’ என்ற முன்பாதியை விடவே கூடாது.

செ., உங்கள் சூத்திரத்தில் மின்தேக்கி காலியாகும் நேரம் இல்லை. R 100 கிலோ ஓம், C 1 நானோஃபாரட், எல்லை 10 வோல்ட் என்று வையுங்கள். 10 வோல்ட் கொடுத்தால் ஏற 100 மைக்ரோவினாடி, அதாவது 10,000 ஹெர்ட்ஸ். காலியாக 1 மைக்ரோவினாடி ஆனால் மொத்தம் 101. கிடைப்பது சுமார் 9,901 ஹெர்ட்ஸ். 1 வோல்ட்டில் 1000-க்கு 1001, பிழை 0.1 சதவீதம்தான். மேலே போகப் போகக் கோடு வளைகிறது. இதுதான் நேர்கோட்டுத்தன்மை கெடுவது.

தொகையீட்டியில் 10 மில்லிவோல்ட் ஆஃப்செட் இருந்தால் கதை வேறு. கோடு வளையாது, சற்றே நகரும். நேர்கோட்டுத்தன்மை இருக்கும், நேர்விகிதம் போய்விடும். ஆஃப்செட்டைத் திருகிச் சரிசெய்யலாம். வளைவை அப்படிச் சரிசெய்ய முடியாது. இரண்டு குறைக்கும் இரண்டு சொல் வேண்டும்.

த. எழுதியது:
இலங்கையில் நாங்கள் அதிர்வெண்ணை மீடிறன் என்றுதான் படித்தோம். குறிப்பில் ஒருமுறையாவது அதையும் சேருங்கள். ‘நேர்கோட்டுத்தன்மை’ நீளம், ‘நேரியல்பு’ போதாதா?

செ. எழுதியது:
நன்றி, மீடிறனைச் சேர்க்கிறேன். நேர்விகிதத்தை எடுத்துவிட்டேன். நேரியல்பு கையடக்கமானது, ஆனால் ‘இயல்பாக நேரானது’ என்று மாணவர்கள் படித்துவிடுவார்களோ என்று தயக்கம். அப்புறம், அந்த 1 மைக்ரோவினாடிக்கு என்ன பெயர்? ‘மீட்பு நேரம்’ என்று எழுதியிருக்கிறேன்.

இரா. எழுதியது:
‘மீட்பு’ என்றால் எதையோ திரும்பப் பெறுவதுபோல் இருக்கிறது. இங்கே நடப்பது வடிப்பது. ‘வடிநேரம்’ எப்படி? வளைவுக்கு வைத்தியமும் எழுதுங்கள்: மின்தேக்கியோடு தொடராக 1 கிலோ ஓம், சாவி மின்தேக்கிக்கு மட்டும் குறுக்கே. வெளியீடு முன்கூட்டியே எல்லையைத் தொடும். அந்த 1 மைக்ரோவினாடி ஈடாகிவிடும். வடிநேரம் மாறாமல் இருக்கும்வரைதான் இது பலிக்கும்.

த. எழுதியது:
வடிநேரம் எனக்குப் பிடித்திருக்கிறது. நேரியல்பை நான் இன்னும் விடவில்லை.