‘கட்ஓவர்’ என்பதற்குத் ‘தடமாற்றம்’ பொருந்துமா?

தோட்ட அலுவலகக் கணக்காளர், சுங்கை சிப்புட்

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் செம்பனைத் தோட்டம் வரும் வார இறுதியில் புதிய கணக்கு மென்பொருளுக்கு மாறுகிறது. கிராணிகளுக்கான வேலைக்குறிப்பில் ‘கட்ஓவர்’ என்பதைக் ‘கைமாற்று’ என்று எழுதினால் கடன் என்றே படிப்பார்கள். வெள்ளி மாலை 6 மணிக்குப் பழைய கணக்கை நிறுத்துவது முதல் திங்கள் காலை 7 மணிக்கு முதல் லாரி எடைமேடையில் ஏறும் வரையிலான முழு வேலைக்கும் ஒரு சொல் வேண்டும்.

கணக்கு மென்பொருள் பொறியாளர்

‘தடமாற்றம்’ என்று வைக்கலாம், அம்மா. ‘தடம் மாற்று’ என்று வினையாகவும் வரும். ‘ரோல்பேக்’கிற்குத் ‘தடந்திரும்பல்’ என்ற இணையும் கிடைக்கும். ஆனால் பழைய கணக்கு ‘முடக்கம்’ என்று எழுத வேண்டாம். பார்ப்பதற்கு அது திறந்தே இருக்கும், எழுதுவது மட்டுமே நிற்கும் என்பதால் ‘பதிவு நிறுத்தம்’ என்பதே சரி. பறித்த குலையைத் தேக்கி வைத்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். எனவே சனிக்கிழமை எடை போடுவது நிற்காது. அன்றைய சீட்டுகளை வரிசை எண்ணோடு கையால் எழுதி, இருப்புகள் ஏறிய பிறகே புதியதில் பதிய வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமைக் கிராணி

தடந்திரும்பலுக்குப் புதுச்சொல் எதற்கு? சம்பளத்தில் தவறு நேர்ந்தால் நாங்கள் எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்தோமே.

பொறியாளர்

ஐயா, அது ஒரு பதிவைத் திருத்துவது; இது புதிய முறையையே கைவிட்டுப் பழையதைத் திறப்பது.

கூட்டுறவுக் கடைக் கணக்கர்

வெள்ளியன்று எடுத்த நகல் கையில் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் அல்லவா?

பொறியாளர்

ஞாயிறு வரை நீங்கள் சொல்வது சரி. திங்கள் முதல் புதியதில் ஏறும் பதிவுகள் அந்த நகலில் இரா. பிறகு திரும்பினால் அனைத்தையும் மறுபடி பதிய வேண்டும். ஆகவே முடிவு நேரத்தைப் பின்னிருந்து கணக்கிடுங்கள்: பழையதைத் திறந்து சோதிக்க 5 மணி நேரம் ஆகுமென்றால், நள்ளிரவு வேலையைத் தவிர்க்க, ஞாயிறு மாலை 4 மணிக்குள் முடிவு வேண்டும்.

கணக்காளர்

சென்ற வார ஒத்திகையில் கடன்தந்தோர் நிலுவையை ஒவ்வொரு விலைப்பட்டியலாகவும் மற்ற இருப்புகளை மொத்தமாகவும் ஏற்றினோம். இரண்டுக்கும் எதிரே வைத்த தொடக்க இருப்புக் கணக்கு கடைசியில் பூச்சியமாகியிருக்க வேண்டும். 1,250 ரிங்கிட் பற்றில் நின்றது. பேரேட்டில் கடன்தந்தோர் 186,400, ஏறியதோ 187,650. லாரிக் குத்தகையாளருக்குக் கொடுத்த முன்பணம் பற்று நிலுவையாக இருந்ததால், வரவு வரிகளை மட்டும் எடுத்த ஏற்றக் கோப்பு அதை விட்டுவிட்டது.

கூட்டுறவுக் கடைக் கணக்கர்

இவ்வளவு சிறிய தொகைக்கா திரும்புவது?

பொறியாளர்

தொகை அளவுகோல் அல்ல. காரணமும் ஆவணமும் கிடைத்தால் 1,250 ரிங்கிட்டைத் திருத்தி மேலே போகலாம். 4 மணிக்கும் காரணம் தெரியாத 10 ரிங்கிட் நின்றால் திரும்ப வேண்டும், ஏனெனில் பெரிய இரு பிழைகள் ஒன்றையொன்று கழித்த மீதியாகவும் அது இருக்கலாம்.

தலைமைக் கிராணி

அப்படியானால் ‘தடந்திரும்பல்’ எனக்கும் சரியே. ‘தடமாற்றம்’ தான் ரயிலை நினைவூட்டுகிறது. ‘கணக்கு மாற்றம்’ போதாதா?

கணக்காளர்

அது ஒரு தொகையை வேறு கணக்கில் எழுதுவதற்கு எங்களிடம் ஏற்கெனவே உள்ள சொல், ஐயா. இந்த வாரக் குறிப்பில் ‘தடமாற்றம்’ என்றே எழுதுகிறேன். கிராணிகள் எப்படிப் படித்தார்கள் என்பதைத் திங்களன்று தெரிவிக்கிறேன்.