புதுப்பிப்பு: சுவரோரம் ஒழுகிய தகரக் கூரை

முன்பு கேட்டிருந்தது: "மாடிச் சுவரும் தகரக் கூரையும் சேரும் இடத்தில் ஒழுகுகிறது, சிலிக்கான் பூசினால் போதுமா?"

போதவில்லை. தகடுகளின் மேற்பொருத்தம் குறைவு என்றார் ஒருவர். அளந்ததில் 150 மி.மீ. இருந்தது, எனினும் அங்கே திருகுகளின் ரப்பர் வளையங்கள் வெடித்திருந்ததால் மாற்றினோம். மூத்த கொத்தனார் சொன்னபடி சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, மடித்த தகட்டின் மேல்விளிம்பை அதற்குள் செருகி, கீழ்விளிம்பைக் கூரைமேல் 150 மி.மீ. படியவிட்டு, காடியைச் சீலன்ட்டால் அடைத்தபின், குழாய் நீரைக் கீழிருந்து மேலாகப் பாய்ச்சிச் சோதித்தபோது சுவர் நனையவில்லை.

ஓட்டுக்கூரைக்கும் இதே வழியா என்று கேட்ட நண்பருக்கு: ஓட்டின் மேடுபள்ளத்தில் நேரான தகடு படியாது, வளைத்துப் பதிக்கக்கூடிய ஈயத் தகடு வேண்டும்.

தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்களின் இடைவெளி 1.5 மீட்டராக இருப்பதால் மிதிக்கும்போது தகடு தாழ்கிறது. இடையில் இன்னொன்று சேர்ப்பது பற்றி இன்னும் முடிவாகவில்லை.