ஸ்லைடை அகலமாக்கியதும் லோகோ முட்டையானது, எழுத்து பெட்டியை விட்டு இறங்கியது

மஞ்சள்கோடு: பழைய 4:3 பவர்பாயிண்ட் கோப்பு, 60 ஸ்லைடு. Design > Slide Size-இல் Widescreen (16:9) கொடுத்தேன். வட்ட லோகோ முட்டை மாதிரி ஆகிவிட்டது. மூன்று பெட்டிகளுக்குள் இருந்த எழுத்தும் வெளியே நிற்கிறது. ஒவ்வொன்றாகத்தான் சரிசெய்யணுமா?

இரவுப்பணி: எல்லா ஸ்லைடையும் தேர்ந்தெடுத்து Home > Reset கொடுங்கள், முடிந்தது.

தச்சன்: முடியாது. Reset லேஅவுட்டோடு கட்டுண்ட தலைப்பு, உள்ளடக்கப் பெட்டிகளை மட்டும்தான் இடத்துக்குக் கொண்டுவரும். தனியாகப் போட்ட டெக்ஸ்ட் பாக்ஸைத் தொடாது. தவிர, கையால் மாற்றிய எழுத்தளவும் போய்விடும்.

மஞ்சள்கோடு, நடுப் பெட்டியின் எழுத்து மட்டும் சரியாக இருக்கிறதா?

மஞ்சள்கோடு: ஆமாம்! இடது பக்க எழுத்து வலப்புறமாகவும், வலது பக்க எழுத்து இடப்புறமாகவும் நகர்ந்திருக்கிறது.

தச்சன்: அப்படியானால் பெட்டிகள் ஸ்லைடில் இல்லை, எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அச்சான ஸ்லைடு மாஸ்டரில் இருக்கின்றன. ஸ்லைடின் அகலம் 25.4 செ.மீ.யிலிருந்து 33.87 ஆனது, உயரம் அதே 19.05. மாஸ்டரில் உள்ளவை அகலவாக்கில் 1.33 மடங்கு இழுபட்டன. ஸ்லைடில் நீங்கள் போட்ட எழுத்து இழுபடாமல் அப்படியே 4.23 செ.மீ. தள்ளி நடுவில் நிற்கிறது. ஒன்று இழுபட்டது, மற்றது நகர்ந்தது. அதனால்தான் ஓரங்களில் பிசகு.

View > Slide Master போய், அந்த லேஅவுட்டில் மூன்று பெட்டிகளையும் Group செய்யுங்கள். Lock aspect ratio டிக்கை எடுத்துவிட்டு, அகலத்தை முக்கால் பங்காக்குங்கள். 29.87 என்று காட்டினால் 22.4. பிறகு Align Center. முன்பும் அவை நடுவில்தான் இருந்தன என்றால், அந்த லேஅவுட்டில் உள்ள எல்லா ஸ்லைடும் ஒரே அடியில் பொருந்தும். லோகோவுக்கும் இதே கதைதான்: உயரம் 3, அகலம் 4 என்று இருக்கும், அகலத்தை 3 ஆக்குங்கள்.

பழையபென்சில்: எனக்கும் இதே தொல்லை, காணொளியில் எல்லோரும் குண்டாகத் தெரிந்தார்கள். புரொஜெக்டர் அமைப்பை மாற்றியதும் சரியானது.

தச்சன்: அது திரை இழுத்தது. இங்கே கோப்புக்குள்ளேயே இழுபட்டிருக்கிறது.

இரவுப்பணி: சரி, Reset விஷயத்தில் தோற்றேன். ஆனால் உங்கள் வழியில் இரண்டு பக்கமும் 4.23 செ.மீ. வெறுமையாகக் கிடக்குமே. அதற்கு 4:3-லேயே விட்டிருக்கலாம், கறுப்புப் பட்டை விழுந்தால் விழட்டும். அகலம் வேண்டுமென்றால் பெட்டியை விட்டுவிட்டு எழுத்தை விரிப்பதுதான் நியாயம்.

தச்சன்: 60 ஸ்லைடிலும் எழுத்தை விரிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா? தலைப்பும் பின்னணியும் முழு அகலத்துக்குப் போகின்றன, பட்டையை விட அது மேல்.

மஞ்சள்கோடு: 41 ஸ்லைடு சரியாகிவிட்டது. மீதியில் யாரோ பெட்டிகளை மாஸ்டரிலிருந்து நகலெடுத்து ஸ்லைடிலேயே ஒட்டியிருக்கிறார்கள், அவை சற்று இடம் மாறி நிற்கின்றன. அடியில் மாஸ்டர் பெட்டியும் எட்டிப் பார்க்கிறது.

இரவுப்பணி: அந்த ‘யாரோ’ நீங்கள்தானே?