இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறது, என்ன செய்யலாம்?

வீட்டில் 900 வி.ஏ. சைன்வேவ் இன்வெர்ட்டர், 150 ஏ.எச். பேட்டரி. கரண்ட் போனால் மூன்று ஃபேன், லைட்டெல்லாம் மணிக்கணக்கில் ஓடும். ஆனால் பேட்டரிக்கு மாறும் அந்த நொடியில் மகளுடைய டெஸ்க்டாப் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது, பாவம், செய்த வேலை போய்விடுகிறது.

இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்சை யு.பி.எஸ். மோடுக்கு மாற்றினால் சட்டென்று மாறுகிறது, டெஸ்க்டாப் அணைவதில்லை. ஆனால் எங்கள் தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் 170க்கு இறங்கும். யு.பி.எஸ். மோடு அதைக் கரண்ட் இல்லையென்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்குப் போய்விடுகிறது. ராத்திரி நிஜமாகவே கரண்ட் போகும்போது சார்ஜ் இருப்பதில்லை.

அதனால் இன்வெர்ட்டரைச் சாதாரண மோடிலேயே விட்டுவிட்டு, டெஸ்க்டாப்புக்கு மட்டும் 600 வி.ஏ. யு.பி.எஸ். வாங்கலாமா? மாறும் நேரத்தை அது தாங்கினால் போதும். அதை இன்வெர்ட்டர் லைனிலேயே மாட்டியிருப்பவர்கள் சொல்லுங்களேன்: லோ வோல்டேஜில் அதுவும் அடிக்கடி பேட்டரிக்குப் போகிறதா?