மொத்த விகிதம் என்றால் பிள்ளைகள் கூட்டுகிறார்கள்

களுவாஞ்சிகுடி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். வியாழக்கிழமை செயன்முறைக் குறிப்பு அச்சுக்குப் போகவேண்டும், ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். தரம் 12 பிள்ளைகள் கச்சான் வறுக்கும் உருளை ஒன்று செய்கிறார்கள். மோட்டர் அரைக் குதிரைவலு, நிமிடத்துக்கு 1440 சுற்று. உருளைக்கு 30 சுற்றுப் போதும், ஆக 48 மடங்கு குறைய வேண்டும். ஒரே சோடிப் பற்சில்லால் குறைத்தால் 15 பல்லுக்கு எதிரே 720 பல்லு வேண்டும், அது மாட்டு வண்டிச் சில்லு அளவுக்கு வந்துவிடும். அதனால் இரண்டு படி வைத்தோம். மோட்டரின் 17 பல்லு 102 பல்லைச் சுற்றும், இது 6. அந்த 102 இருக்கும் அதே தண்டில் ஒரு 15 பல்லுச் சில்லு, அது 120 பல்லைச் சுற்றும், இது 8.

குறிப்பில் "இரு படிகளின் மொத்த விகிதம் காண்க" என்று எழுதியிருந்தேன். பாதிப் பேருக்கு மேல் 14 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மொத்தம் என்றால் கூட்டுவதுதானே டீச்சர் என்கிறார்கள். கடைக் கணக்கில் வளர்ந்த பிள்ளைகள், என்னத்தைச் சொல்ல? வேறு சொல் தாருங்கள். தண்டைச் சுழற்றும் டோர்க்குக்கும் ஒரு சொல் வேண்டும்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள், "கூட்டு விகிதம்" என்று எழுதுங்கள். கூட்டு வட்டியில் நாம் கூட்டுவதில்லையே, வருடா வருடம் பெருக்குகிறோம். சொல் ஏற்கனவே பழகியது. டோர்க்குக்கு முறுக்குதிறன். ஆனால் அச்சில் த் போட்டுவிட வேண்டாம். முறுக்குதிறன் என்றால் வினைத்தொகை, வலி மிகாது. முறுக்குத்திறன் என்றால் முறுக்கு பெயர்ச்சொல்லாகி, வன்றொடர்க் குற்றியலுகரம் என்பதால் த் வந்துவிடும், அப்புறம் அது தீபாவளிப் பலகாரத்தின் திறனாகிவிடும். எங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் சென்னையில் கலைச்சொல் ஆக்கத்தில் உழைத்தவர், அந்த மண்ணிலிருந்து இப்படி ஒரு பிழை அச்சேறக் கூடாது.

சென்னை, பொறியாளர்:

ஐயா, இங்கே திறன் என்றால் நீங்கள் வலு என்பது. முறுக்குதிறன் என்று படித்தால் எங்கள் பிள்ளை வாட் என்று அலகு போடும். எங்கள் பாடநூலில் திருப்பு விசை என்று இருக்கிறது. அதுவும் எனக்கு முழுச் சம்மதமில்லை, ஏனென்றால் அது விசையே இல்லை, அலகு நியூட்டன் மீற்றர். ஆனாலும் நிலைத்துவிட்டது.

களுவாஞ்சிகுடி டீச்சர்:

இங்கேயும் சிக்கல்தான். வினைத்திறன் என்பதும் அதே பக்கத்தில் வருகிறது. ஒரே வரியில் வலு, முறுக்குதிறன், வினைத்திறன் என்று மூன்றும் வந்தால் பிள்ளை எதைத் தேடும்?

ஏறாவூர், கராஜ்:

இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? 17, 102, 120 மூன்றையும் வரிசையாகக் கோர்த்துவிடுங்கள். பல்லுக் கூடக்கூட வேகம் குறையும்தானே. 15 பல்லுச் சில்லு வெட்டும் காசும் மிச்சம்.

சம்மாந்துறை, லேத் பட்டறை:

தம்பி, அதில் பாதிதான் சரி. பல்லு பற்றிச் சொன்னது ஒரு சோடிக்குள் சரி. மூன்றையும் வரிசையாகக் கோர்த்தால் நடுச் சில்லு வாங்கிய பல்லை அப்படியே கொடுத்துவிடும், அது திசையை மட்டும்தான் மாற்றும். கணக்கில் மிஞ்சுவது முதலும் கடைசியும், 120 ஐ 17 ஆல் பிரித்தால் ஏழு சொச்சம். உருளை நிமிடத்துக்கு 200 சுற்றுக்கு மேல் ஓடும். இதே கூத்தை ஒருவர் செய்துவிட்டு மோட்டர் பிழை என்று என்னிடம் கொண்டுவந்தார். உருளை 60 சதமமீற்றர் விட்டம். அந்த அளவில் 55 சுற்றைத் தாண்டினாலே கச்சான் சுவரில் ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், புரளாது. சத்தத்திலேயே பிடிக்கலாம்: சரியான வேகத்தில் சலசல என்று கொட்டும், ஒட்டிவிட்டால் மோட்டர் சத்தம் மட்டும்தான். பிறகு திறந்து பார்த்தால் சுவரோரம் கருகி, உள்ளே பச்சையாக இருக்கும்.

டீச்சர், பிள்ளைகளின் 14 வந்தாலும் இதே கதைதான், 103 சுற்று. அதனால் சொல் என்னவோ, பிள்ளைகள் மோட்டர்த் தண்டில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, மின் கொடுக்காமல் கையால் சுற்றி எண்ணட்டும். உருளை ஒரு சுற்று வர 48 எண்ண வேண்டும்.

மருதமுனை, தறி:

நல்ல நேரத்தில் பேச்சு வந்தது. என் நூல் சுற்றும் மோட்டருக்குப் பெல்ட் ஓடும் 2 அங்குலப் புளி, மற்றப் பக்கம் 6. பெல்ட் வழுக்குகிறது. டோர்க் காணாது என்கிறார்கள். 8 அங்குலம் போடவா?

சம்மாந்துறை, லேத் பட்டறை:

காக்கா, 8 போட்டால் வேகம் இன்னும் குறையும், நூல் சுற்ற நேரம் போகும். சின்னப் புளியைப் பெல்ட் கொஞ்சம்தான் தழுவும், அதுதான் வழுக்குகிறது. முதலில் பெல்ட்டை இறுக்கிப் பாருங்கள். விசயத்துக்கு வருகிறேன். டோர்க்கைப் பட்டறையில் முறுக்கம் என்றால் பொடியன்களுக்கு விளங்குகிறது. மோட்டரில் 2.45 நியூட்டன் மீற்றர்தான் இருக்கு, கையாலே பிடித்து நிறுத்தப் பார்க்கலாம் போல. முதல் படியில் 6 மடங்கு, அடுத்த படியில் 8 மடங்கு. பல்லு உரசலில் ஒரு படிக்கு நூற்றுக்கு நாலு போனாலும் உருளையில் இவ்வளவு கிடைக்கும்:

```
2.45 × 6 × 8 × 0.96 × 0.96 = 108
```

பத்துக் கிலோ கச்சானைப் புரட்ட இருபது சொச்சம் போதும், ஆகவே தாராளம். ஆனால் இந்த 108 முழுவதும் கடைசிச் சோடியின் பல்லில்தான் இறங்கும். 102 பல்லுச் சில்லில் வருகிற தள்ளுவிசையைவிட 120 பல்லில் ஆறு மடங்குக்கு மேல், இரண்டுக்கும் ஒரே பல்லளவு என்றால். உள்ளே கல்லோ ஆணியோ மாட்டி உருளை நின்றால் அந்த 15 பல்லுச் சில்லுதான் முதலில் போகும். அதை அகலமாக வெட்டுங்கள், இரண்டு படிக்கும் ஒரே தடிப்பு வேண்டாம்.

சென்னை, பொறியாளர்:

முறுக்கம் என்றால் தண்டு முறுகித் திருகும் கோணத்துக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே சொல்லா?

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அது முறுகல். முறுகு தன்வினை, முறுக்கு பிறவினை. தண்டு தானே முறுகுகிறது, சில்லு அதை முறுக்குகிறது. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முறுக்கத்துக்கு உடன்படுகிறேன், என் முறுக்குதிறனை மீளப் பெறுகிறேன்.

சென்னை, பொறியாளர்:

இங்கே முறுகல் என்றால் தோசை ஐயா.

களுவாஞ்சிகுடி டீச்சர்:

இன்றைக்கு வகுப்பில் "கூட்டு விகிதம்" என்று எழுதிப் பார்த்தேன். கூட்டு என்று கண்டதும் இன்னும் இரண்டு பேர் கூடுதலாக 14 போட்டார்கள். கூட்டு வட்டியை நினைவூட்டினேன், அதையும் சிலர் கூட்டித்தான் செய்கிறார்கள். "பெருக்கு விகிதம்" என்று போட்டேன், எல்லாருக்கும் 48. முறுக்கம் என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பெருக்கு விகிதமும் போய்விட்டது.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வேகம் குறைகிற பெட்டிக்குப் பெருக்கு விகிதமா? முறுக்கம் பெருகுகிறது என்று நீங்கள் சொல்வீர்கள், சரி, ஆனால் பெருக்கு என்றதும் என் வீட்டில் விளக்குமாறைத்தான் தேடுவார்கள். என் மறுப்பை எழுதி வையுங்கள். தண்டு, அச்சு பற்றியும் பேச வேண்டும். வள்ளுவர் வண்டிக்குச் சொன்ன அச்சு சுமப்பது, உங்கள் இடைத்தண்டு முறுக்கத்தைக் கடத்துவது. குறிப்பின் நாலாம் பக்கத்தில் இரண்டையும் ஒன்றாக்கியிருக்கிறீர்கள்.

களுவாஞ்சிகுடி டீச்சர்:

ஐயா, நாலாம் பக்கம் காலையிலேயே அச்சாகிவிட்டது.